பூனைக்கு மருந்து விட்ட பிறகும் வீட்டில் தெள்ளுப்பூச்சி ஏன்?

*டாக்டருக்கு வணக்கம். எங்கள் பூனைக்கு 3 வயது. உடம்பில் உண்ணி ஓடுவதைப் பார்த்து, 17 நாளுக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டி, கழுத்தில் சொட்டு மருந்து விட்டோம். இரண்டு நாள் கழித்துப் பூனையைத் தோழி வீட்டில் விட்டுவிட்டு 10 நாள் வெளியூர் போனோம். திரும்பி வந்து கதவைத் திறந்து ஹாலுக்குள் கால் வைத்ததுமே பத்திருபது பூச்சிகள் காலில் ஏறிவிட்டன. பூனையே இல்லாத வீட்டில் இது எப்படி? அதிலிருந்து என் 2 வயது மகளுக்குக் கணுக்காலெல்லாம் தடிப்பு. பெட்ஷீட்களைத் துவைத்தேன். கரப்பான் ஸ்பிரே மூன்று முறை அடித்தேன். பூனையைப் பால்கனியில் அடைத்து வைத்திருக்கிறேன். மருந்து போலியா? இன்னொரு டோஸ் விடலாமா? தங்கை தன் நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து பிரிக்காமல் இருக்கிறது, அதைப் போடலாமா? கார்ப்பெட்டைத் தூக்கி எறிந்துவிடவா? பூனையை யாரிடமாவது கொடுத்துவிடச் சொல்கிறார் என் மாமியார். என்ன செய்வதென்று தெரியவில்லை.*

*— பெயர் வெளியிட விரும்பாத வாசகி*

அன்புள்ள சகோதரி,

முதலில் அந்த நாய் மருந்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். அதைப் பூனைக்குப் போடவே வேண்டாம். நாய்களுக்கான சொட்டு மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி அதிக அளவில் இருக்கும். நாயின் கல்லீரல் அதை உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. உடம்பில் பட்ட சில மணி நேரத்திலேயே காதும் முகமும் துடிக்கும், எச்சில் ஒழுகும், உடம்பு நடுங்கும், வலிப்பு வரும். உயிரே போய்விடும் அளவுக்கு இது ஆபத்தானது. கடிதம் எழுதிய பிறகு ஒருவேளை போட்டிருந்தால், உடனே கால்நடை மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். பூனை தெளிவாக இருந்தால் பாத்திரம் கழுவும் திரவ சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு அந்த இடத்தைக் கழுவிவிட்டுக் கிளம்புங்கள். நடுக்கம் தொடங்கிவிட்டிருந்தால் கழுவிக்கொண்டு நிற்காமல் நேராகத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இன்னொரு டோஸ் விடுவதும் வேண்டாம். மருத்துவர் கொடுத்த மருந்து போலி என்று நினைக்க உங்கள் கடிதத்தில் ஒரு காரணமும் இல்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தாலும் நீங்கள் எழுதியிருப்பது அப்படியே நடக்கும். அது ஏன் என்று புரிந்துவிட்டால், அடுத்த இரண்டு மூன்று மாதம் என்ன செய்ய வேண்டும் என்பதும் தானாகவே புரிந்துவிடும்.

ஒரு சின்னத் திருத்தம். உண்ணி குதிக்காது. தோலைக் கவ்வி ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு, இரத்தம் குடித்து உருண்டையாக உப்பும். உங்கள் காலில் தாவியது தெள்ளுப்பூச்சி. பக்கவாட்டில் தட்டையாக, பழுப்பு நிறத்தில், எள்ளை விடக் கொஞ்சம் சிறியதாக இருக்கும். ரோமத்துக்குள் சரசரவென்று ஓடும். பெயரில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் உண்ணிக்கும் தெள்ளுக்கும் மருந்தும் வேறு, வீட்டைச் சுத்தம் செய்யும் முறையும் வேறு. அடுத்த முறை கடையில் கேட்கும்போது தெள்ளு என்றே கேளுங்கள்.

பூனை இல்லாத வீட்டில் எங்கிருந்து வந்தன?

நாம் கண்ணால் பார்க்கும் தெள்ளு, மொத்தக் கூட்டத்தில் மிகச் சிறிய பங்கு. ஒரு வீட்டில் உள்ள தெள்ளுகளை எல்லாப் பருவத்தையும் சேர்த்து நூறாகக் கணக்கிட்டால், பூனை மேல் வாழும் வளர்ந்த பூச்சி சுமார் 5 தான் என்பது எங்கள் துறையில் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. மீதி 95-ம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுக்குள் இருக்கும் கூட்டுப்புழுவாகவும் உங்கள் கார்ப்பெட்டில், சோபா இடுக்கில், கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. கழுத்தில் விட்ட சொட்டு மருந்து அந்த 5-ஐத்தான் நேரடியாகப் பிடிக்கிறது.

பெண் தெள்ளு பூனை மேல் ஏறி இரத்தம் குடித்த ஒன்றிரண்டு நாளிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். நன்றாக முட்டையிடும் காலத்தில் ஒரு நாளைக்கு 40, 50 வரை இடும். பேன் முட்டை போல இவை முடியில் ஒட்டாது. வழவழப்பாக, அரை மில்லிமீட்டர் அளவில் இருக்கும், பூனை உடம்பைச் சொறியும்போதும் சிலிர்க்கும்போதும் உதிர்ந்துவிடும். அதனால் பூனை எங்கே அதிக நேரம் படுக்கிறதோ அங்கேதான் முட்டையும் அதிகம். சில நாளில் அதிலிருந்து கால் இல்லாத, முடி போல மெல்லிய வெள்ளைப் புழு வெளிவரும். அது யாரையும் கடிக்காது. வளர்ந்த தெள்ளுகள் கழிக்கும் காய்ந்த இரத்தத் துகள்தான் அதன் முக்கிய உணவு. வெளிச்சம் பிடிக்காது, ஈரப்பதம் வேண்டும். ஆகவே கார்ப்பெட் இழைகளின் அடிவரை இறங்கிவிடும்.

இதை நீங்களே பார்க்கலாம். சோபாவை நகர்த்தி, பூனை வழக்கமாகப் படுக்கும் மூலையில் டார்ச் அடியுங்கள். உப்பையும் மிளகுத்தூளையும் கலந்து தூவியது போலத் தெரிந்தால், வெள்ளையாக இருப்பது முட்டை, கறுப்பாக இருப்பது தெள்ளின் கழிவு. கறுப்புத் துகளில் கொஞ்சம் எடுத்து ஈரமான டிஷ்யூவில் வைத்து ஒரு நிமிடம் விடுங்கள். வெறும் மண் என்றால் அப்படியே கறுப்பாக இருக்கும். தெள்ளுக் கழிவு என்றால் சுற்றிலும் துருப்பிடித்த சிவப்பில் கறை பரவும், அது உங்கள் பூனையின் இரத்தம். எந்தெந்த மூலையில் இப்படிச் சிவக்கிறதோ அந்த இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வீடு முழுக்க ஒரே அளவு பாடுபட வேண்டாம், அந்த இடங்களில்தான் முக்கால்வாசி வேலை.

புழு வளர்ந்ததும் பட்டு போன்ற நூலால் கூடு கட்டிக்கொள்ளும். அந்தக் கூடு பிசுபிசுப்பானது. தூசி, முடி, நூல் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்வதால் பார்த்தால் ஒரு தூசுத் துணுக்கு போலத்தான் இருக்கும். உள்ளே ஒன்றிரண்டு வாரத்தில் முழுத் தெள்ளு தயாராகிவிடும். ஆனால் உடனே வெளியே வர வேண்டும் என்ற அவசியம் அதற்கு இல்லை. உள்ளேயே மாதக்கணக்கில் காத்திருக்கும். பக்கத்தில் ஓர் உடம்பு வந்துவிட்டது என்று தெரிந்தால்தான் வரும். அதற்கு அடையாளம் மிதி, அதிர்வு, வெப்பம், மூச்சுக்காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு.

இப்போது உங்கள் நாட்களைக் கணக்குப் போடுவோம். மருந்து விட்ட நாளை 0 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்பு பல வாரமாக உதிர்ந்த முட்டைகள் அப்போதே கூடாக மாறிக்கொண்டிருந்தன. 2-ஆம் நாள் வீடு பூட்டப்பட்டது. நடமாட்டம் இல்லை, மூச்சு இல்லை, சூடு இல்லை. கூட்டுக்குள் தயாராகிய தெள்ளுகள் எல்லாம் 10 நாளாகச் சேர்ந்துகொண்டே இருந்தன. 12-ஆம் நாள் நீங்கள் கதவைத் திறந்து நடந்தீர்கள். அத்தனையும் ஒரே நேரத்தில் வெளியே வந்தன. வழக்கமாக நாளுக்கு இரண்டு மூன்றாக வந்து, கண்ணில் படாமலே பூனை மேல் ஏறியிருக்க வேண்டியவை, ஒட்டுமொத்தமாக உங்கள் காலில் ஏறின. பல நாள் பூட்டிய வீட்டுக்குக் குடிபோகிறவர்களுக்கும் இதே அனுபவம்தான். உங்களைக் கடித்த அந்தத் தெள்ளுகள் பெரும்பாலும் மருந்து விட்ட பிறகு உங்கள் பூனையைத் தொட்டதே இல்லை.

பூனையை உள்ளே விடுங்கள்

நீங்கள் பூனையைப் பால்கனியில் அடைத்தது இயல்பான யோசனைதான். ஆனால் பலன் எதிர்மாறாக இருக்கும். புதிதாகக் கூட்டைவிட்டு வரும் தெள்ளு பசியோடு வருகிறது. பூனை இருந்தால் அதைத்தான் அது விரும்பும். மருந்து உள்ள பூனை மேல் ஏறினால் சில மணி நேரத்திலோ ஒரு நாளுக்குள்ளோ செத்துவிடும், பெரும்பாலும் முட்டையிடுவதற்கு முன்பே. பூனை வீட்டுக்குள் நடந்து படுத்து எழும்போதெல்லாம் தெள்ளுகளைப் பொறுக்கிக்கொண்டே இருக்கும். பூனை இல்லை என்றால் மீதி இருப்பது உங்கள் மகளின் கால்தான்.

உங்கள் மாமியாருக்கும் இதையே சொல்லுங்கள். அவர் பேத்தியை நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறார். ஆனால் பூனையைக் கொடுத்துவிட்டால் கூட்டுக்குள் இருப்பவை கூடவே போகாது. அவை இங்கேயே இருந்து, அடுத்த சில வாரம் குழந்தையைத்தான் தேடும். அதன் பிறகு பட்டினியில் சாகும் என்பது உண்மை. ஆனால் அந்த வாரங்கள் இப்போதைவிட மோசமாக இருக்கும்.

இடையில் பூனை மேல் ஒன்றிரண்டு தெள்ளு ஓடுவதைப் பார்த்தால் பதற வேண்டாம். அது இப்போதுதான் ஏறியது, இன்னும் சாக நேரம் ஆகவில்லை, அவ்வளவுதான். நீங்கள் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது அடுத்த டோஸின் தேதி. சொட்டு மருந்துகளில் மாதம் ஒருமுறை விடுவதும் உண்டு, மூன்று மாதம் வரை தாங்குவதும் உண்டு. உங்களுடையது எது என்று மருத்துவரிடம் கேட்டு நாள்காட்டியில் குறியுங்கள். ஒரு வாரம் தள்ளிப்போனால்கூட அந்த இடைவெளியில் ஏறும் தெள்ளு முட்டையிட்டுவிடும், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். வீட்டில் நாயோ வேறு பூனையோ முயலோ இருந்தால், சொறிந்தாலும் சொறியாவிட்டாலும், அதற்கும் அதனதன் மருந்து அதே சமயத்தில் தேவை.

படுக்கைத் துணி

நீங்கள் ஒருமுறை துவைத்தீர்கள். அது வீண் இல்லை. ஆனால் இதை வாரம் ஒருமுறை என்று வைத்துக்கொள்ள வேண்டும். துணியை எடுக்கும் விதத்திலும் கொஞ்சம் கவனம் வேண்டும். பெரும்பாலோர் பூனையின் விரிப்பை எடுத்து நன்றாக உதறிவிட்டுக் கூடையில் போடுவார்கள். உதறியதும் முட்டையும் துகளும் அறை முழுக்கத் தெறித்துவிடும். விரிப்பின் நான்கு மூலைகளையும் மெதுவாக உள்பக்கம் மடித்து, அங்கேயே ஒரு பைக்குள் வைத்து வாயைக் கட்டி, நேரே வாஷிங் மெஷினுக்குக் கொண்டு போங்கள்.

தண்ணீர் 60 டிகிரி சூடு இருந்தால் முட்டை, புழு எல்லாம் செத்துவிடும். வெறும் பச்சைத் தண்ணீரிலும் சோப்பிலும் பெரும்பகுதி அடித்துப் போனாலும், துணி மடிப்பில் ஒட்டிய கூடுகள் தப்பிக்க வாய்ப்பு உண்டு. சூடு தாங்காத துணியாக இருந்தால், துணி தாங்கும் அளவில் டிரையரின் சூட்டில் நன்றாக உலர்த்துங்கள். டிரையர் இல்லாவிட்டால் கடும் வெயிலில் இருபுறமும் திருப்பிப் போட்டு மொடமொடவென்று காயவிடுங்கள். புழு வறட்சியைத் தாங்காது. பூனையின் விரிப்பு பழையதாக, உள்ளே பஞ்சு அடைத்துக் கழுவ முடியாததாக இருந்தால் அதைத் தாராளமாகத் தூக்கி எறியலாம். அதற்குப் பதிலாக ஒரு பழைய டவலை மடித்துப் போடுங்கள், துவைக்கச் சுலபம்.

மெத்தையை மாற்ற வேண்டியதில்லை. மேலுறையைத் துவைத்துவிட்டு, மெத்தையின் ஓரத் தையல்களையும் கட்டில் சட்டத்தின் இடுக்கையும் வாக்குவம் கிளீனரால் இழுத்தால் போதும். உங்கள் பூனை மகளின் கட்டிலில் படுக்கிறதா என்று எழுதவில்லை. படுக்கும் என்றால் அந்தக் கட்டிலும் உங்கள் தாளில் குறித்த இடங்களில் சேரும்.

கார்ப்பெட்டும் தரையும்

கார்ப்பெட்டை எறிய வேண்டாம். சுருட்டி வெளியே இழுக்கும்போது வழியெல்லாம் உதிரும், அடியில் உள்ள தரை இடுக்குகளில் இருப்பவை அப்படியே இருக்கும். பணத்தையும் செலவழித்துவிட்டு, வேலை பாதியில் நிற்கும். சின்ன விரிப்பு என்றால் கதை வேறு, அதைத் துணியோடு சேர்த்துத் துவைத்துவிடலாம்.

இங்கே உங்கள் முக்கியக் கருவி வாக்குவம் கிளீனர். அது செய்யும் வேலை மூன்று. முட்டையை இழுக்கிறது. புழுவின் உணவான காய்ந்த இரத்தத் துகளை இழுக்கிறது. இந்த இரண்டையும்விட எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது: அதன் அதிர்வும் சூடும் கூட்டுக்குள் காத்திருக்கும் தெள்ளை எழுப்பி வெளியே வரவைக்கிறது. கூட்டுக்குள் இருக்கும்வரை எந்த ஸ்பிரேயும் அதை ஒழுங்காகத் தொடாது. வெளியே வந்தால்தான் மருந்திலோ பூனை மேலோ சாகும். அதனால் வாக்குவம் போட்ட மறுநாள் தெள்ளு அதிகமாகத் தெரிந்தால், வேலை நடக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். பலர் இந்த இடத்தில்தான் மனம் விட்டுப்போய் நிறுத்திவிடுகிறார்கள்.

புழு இழைகளைச் சுற்றிக்கொண்டு விடாப்பிடியாக இருக்கும். ஆகவே வேகமாக ஓட்டாமல், ஒரே இடத்தில் முன்னும் பின்னுமாக மெதுவாக நாலைந்து முறை இழுங்கள். நடுக் கார்ப்பெட்டில் நேரத்தைச் செலவிட வேண்டாம். ஆள் நடக்கும் இடத்தில், வெயில் படும் இடத்தில் புழு அதிகம் பிழைக்காது. சுவரை ஒட்டிய ஓரம், சோபாவுக்கு அடி, குஷனைத் தூக்கினால் தெரியும் பள்ளம், அலமாரிக்குக் கீழ், மாடிப்படியின் உள்மூலை, இவைதான் இடங்கள். முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு இரண்டு மாதம்வரை வாரம் இரண்டு மூன்று முறை. ஒவ்வொரு முறையும் முடிந்ததும் பையை, அல்லது டப்பாவில் உள்ளதை, ஒரு பிளாஸ்டிக் கவரில் கொட்டி இறுக்கிக் கட்டி அப்போதே வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

டைல்ஸ், மரம் போன்ற வெறும் தரையில் வேலை குறைவு. பூச்சி வாழ்வது தரைமேல் இல்லை, பலகைகளின் இடுக்கிலும் சுவரோரப் பட்டையின் கீழும்தான். வாக்குவத்தின் குறுகிய முனையை அங்கே வைத்து இழுத்துவிட்டு, அப்புறம் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் போதும். பினாயில் வேண்டாம். அது பூனைக்கு ஆகாது. துடைத்த தரையில் நடந்து, பாதத்தை நக்கும்போது அது உள்ளே போகும். டீ ட்ரீ எண்ணெய், மற்ற வாசனை எண்ணெய்களுக்கும் இதையே சொல்வேன்.

கார்ப்பெட்டை நீராவியில் சுத்தம் செய்ய ஆள் கூப்பிடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சூடு படும் இடத்தில் புழுவும் முட்டையும் சாகும், நல்லதுதான். ஆனால் கார்ப்பெட் ஈரமாக நின்றால் மீதி இருக்கும் புழுவுக்கு அது சொர்க்கம். செய்வதென்றால் ஜன்னல், மின்விசிறி எல்லாம் போட்டு அன்றைக்கே காயவைக்க முடிகிற நாளில், ஸ்பிரே அடிப்பதற்கு முன்பு செய்யுங்கள். பிறகு செய்தால் அடித்த மருந்து கழுவிப் போய்விடும்.

ஸ்பிரே: மூன்று முறை அல்ல, ஒரு முறை

கரப்பானுக்கான ஸ்பிரே மேலே தெரியும் தெள்ளைக் கொல்லும். முட்டையையும் இழைக்கு அடியில் இருக்கும் புழுவையும் பெரிதாக ஒன்றும் செய்யாது. அதனால்தான் மூன்று முறை அடித்தும் அப்படியே இருக்கிறது. அதில் இருப்பதும் பெரும்பாலும் பெர்மெத்ரின் வகையறாதான். குழந்தை தவழும், பூனை படுக்கும் இடத்தில் நாளுக்கு நாள் அதை ஏற்றிக்கொண்டே போவது சரியில்லை. நிறுத்திவிடுங்கள்.

உங்களுக்குத் தேவை, வீட்டுக்குள் தெள்ளுக்கென்றே விற்கும் ஸ்பிரே. வாங்கும் முன் டப்பாவின் பின்புறம் படித்து, மெத்தோப்ரீன் அல்லது பைரிப்ராக்சிஃபென் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இவை பூச்சியின் வளர்ச்சியைத் தடுப்பவை. முட்டை பொரியாது, புழு அடுத்த பருவத்துக்குப் போகாது. ஒருமுறை ஒழுங்காக அடித்தால் வீட்டுக்குள் மாதக்கணக்கில் வேலை செய்யும். மெத்தோப்ரீன் வெயிலில் சிதைந்துவிடும், பைரிப்ராக்சிஃபென் வெளிச்சத்தைத் தாங்கும். ஜன்னல் வெயில் விழும் அறைக்கு இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

அடிக்கும் நாளின் வரிசை இப்படி இருக்கட்டும். காலையில் துணிகளைக் கட்டித் துவைக்கப் போடுங்கள். சோபா, கட்டில் எல்லாவற்றையும் நகர்த்தி வாக்குவம் போடுங்கள். குழந்தையையும் பூனையையும் வேறு இடத்துக்கு அனுப்புங்கள். மீன் தொட்டி இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். எடுக்க முடியாவிட்டால் காற்று பம்பை நிறுத்தி இறுக்கமாக மூடுங்கள், இந்த மருந்துகள் மீனுக்குக் கொடிய விஷம். பிறகு நீங்கள் தாளில் குறித்த இடங்களிலும் ஓரங்களிலும் டப்பாவில் சொன்ன அளவுக்கு அடியுங்கள். பூனையின் விரிப்பிலும் குழந்தையின் படுக்கையிலும் பொம்மையிலும் அடிக்க வேண்டாம், அவற்றுக்குத் துவைப்பதே போதும். முழுக்கக் காய்ந்து, ஜன்னலைத் திறந்து காற்றாட விட்ட பிறகுதான் குழந்தையும் பூனையும் உள்ளே வரலாம். அடுத்த வாக்குவம் எத்தனை நாள் கழித்து என்பதை டப்பாவிலேயே எழுதியிருப்பார்கள், மருந்துக்கு மருந்து மாறும். அதை மட்டும் என் கணக்கைவிட மேலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அறை நடுவில் வைத்துவிட்டு வெளியேறும் புகைக் குண்டு வகைகளை நான் பரிந்துரைப்பதில்லை. புகை மேலே போய்க் கீழே படியும். தெள்ளுப் புழு இருப்பது சோபாவுக்கு அடியில். அங்கே அது சரியாகப் போய்ச் சேராது, சாப்பாட்டு மேஜையில்தான் படியும்.

குழந்தை இருப்பதால் ஸ்பிரேயே வேண்டாம் என்று நீங்கள் முடிவு செய்தால் நான் தடுக்க மாட்டேன். பூனையின் மருந்தும் வாக்குவமும் துவைப்பும் விடாமல் நடந்தால் அதுவே முடித்துவிடும். கொஞ்சம் அதிக வாரம் ஆகும், அவ்வளவுதான்.

எத்தனை நாள், குறைகிறதா என்று எப்படித் தெரியும்?

0-ஆம் நாளில் உதிர்ந்த கடைசி முட்டைகள் கூடாக மாறவே இரண்டு மூன்று வாரம் ஆகலாம். கூட்டுக்குள் தெள்ளு உருவாக இன்னும் ஒன்றிரண்டு வாரம். பிறகு காத்திருக்கும் காலம். ஆகவே இரண்டாவது மாதம் முடியும்வரை அவ்வப்போது ஒன்றிரண்டு தென்படும். யாரும் நடக்காத அறையில் அதற்கு மேலும் இழுக்கும், அதனால் விருந்தினர் அறையையும் பூட்டி வைக்காமல் திறந்து நடமாடுங்கள்.

கண்மதிப்பை நம்பாமல் எண்ணுங்கள். முழங்கால்வரை வெள்ளை சாக்ஸ் போட்டுக்கொண்டு, மாலையில் ஒரே நேரத்தில், ஒரே வழியில், குறித்த மூலைகளில் ஐந்து நிமிடம் மெதுவாக நடங்கள். சாக்ஸில் ஏறியவற்றை எண்ணி, சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட்டு, எண்ணிக்கையை எழுதி வையுங்கள். உங்கள் வீட்டில் முதல் வாரம் 15, 20 என்று இருக்கலாம். வாக்குவம் போட்ட நாளில் ஏறும், மறுபடி இறங்கும். ஒரு நாளைப் பார்க்காதீர்கள், வாரத்தின் மொத்தத்தைப் பாருங்கள். அது வாரத்துக்கு வாரம் இறங்கினால் வேறு எதையும் மாற்ற வேண்டாம்.

எட்டு வாரம் ஆகியும் இறங்கவே இல்லை என்றால், மருந்துக்கு எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் இவற்றைப் பாருங்கள்: டோஸ் தேதி தவறியதா, சொட்டு தோலில் விழாமல் ரோமத்தில் நின்றதா, மருந்து விட்டதற்கு முன்போ பின்போ இரண்டு நாளுக்குள் குளிப்பாட்டினீர்களா, தெருப்பூனை எதுவும் மாடிப்படியில் வந்து படுக்கிறதா. நான் பார்த்த வீடுகளில் காரணம் பெரும்பாலும் இவற்றில் ஒன்றாகத்தான் இருந்தது.

குழந்தைக்கும் பூனைக்கும்

மகளின் தடிப்பு பூச்சி கடித்ததால் வந்த அரிப்புதான் என்றாலும், சொறிந்து நீர் கோத்தாலோ சூடாகச் சிவந்து பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். தெள்ளு மனித உடம்பில் குடியிருக்காது, தலைமுடியில் முட்டையிடுமோ என்ற பயம் வேண்டாம்.

பூனையின் வால் அடியிலோ அது படுத்த இடத்திலோ அரிசி மணி போல எதாவது தெரிகிறதா என்று பாருங்கள். அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளுப் புழு தரையில் கிடக்கும் நாடாப்புழு முட்டையைத் தின்னும், அந்தப் புழு தெள்ளானதும், பூனை உடம்பை நக்கும்போது அதை விழுங்கிவிடும். தெரிந்தால் மருத்துவரிடம் குடற்புழு மருந்து கேளுங்கள், சொட்டு மருந்துகளில் பல இதற்குப் போதாது. ஈறு வெளுத்து, பூனை சோர்ந்து கிடந்தாலும் காத்திருக்காமல் காட்டுங்கள்.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒரு பொருள். தோழி வீட்டுக்குப் பூனையை எதில் தூக்கிக்கொண்டு போனீர்கள்? அந்தக் கூடையும் அதற்குள் போட்ட துணியும் இப்போது எங்கே இருக்கின்றன? வீட்டையெல்லாம் சுத்தம் செய்துவிட்டு, பரணில் வைத்த கூடையை மறந்துவிடுகிறவர்கள் ஏராளம். நானே என் பூனையின் கூடையை அப்படி மறந்து, இரண்டு மாதப் பாட்டை மறுபடி தொடங்கியிருக்கிறேன். துணியைச் சுடுதண்ணீரில் துவைத்து, கூடையைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் வையுங்கள். காரில் கொண்டுபோனீர்கள் என்றால் பின் இருக்கையை வாக்குவம் போடுங்கள். தோழிக்கும் ஒரு போன் செய்து, பூனை தங்கிய அறையை ஒரு மாதம் வாரம் இரண்டு முறையாவது நன்றாக இழுக்கச் சொல்லிவிடுங்கள். மருந்து விட்டு இரண்டு நாள் ஆன பூனை என்பதால் அங்கே அதிகம் உதிர்ந்திருக்காது. ஆனால் அந்தத் துணியின் மடிப்பில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது.